‘மலிவு’ என்று எழுதாமல் விலை குறைவைச் சொல்வது எப்படி?

நம் பொருளின் பெரிய பலமே அதன் விலைதான் என்றால், விற்பனை விவரத்தில் அதைச் சொல்லாமல் விட முடியாது. ஆனால் ‘மலிவான டி-ஷர்ட்’ என்று எழுதிய அடுத்த நொடியே வாசகர் மனதில் துணி மெலிந்துவிடுகிறது, சாயம் வெளுத்துவிடுகிறது. அதே டி-ஷர்ட்டை ‘தயாரிப்பாளர் விலையில்’ என்று எழுதினால் அப்படி எதுவும் நடப்பதில்லை. இரண்டும் விலை குறைவு என்றுதான் சொல்கின்றன. பிறகு ஏன் ஒன்று பொருளைக் கெடுக்கிறது, இன்னொன்று காப்பாற்றுகிறது? சொந்தமாகப் பொருள் செய்து இணையத்தில் விற்கத் தொடங்குகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

குறைந்த விலையைப் பார்க்கிற யாருக்கும் ‘ஏன் இவ்வளவு கம்மி?’ என்ற கேள்வி எழும். அதற்கான பதிலை விற்பவர் சொல்லாவிட்டால் வாங்குபவர் தானே ஒரு பதிலைப் போட்டுக்கொள்வார். அந்தப் பதில் பெரும்பாலும் ‘தரம் குறைவாக இருக்கும்’ என்பதுதான். ‘காசுக்கேத்த தோசை’ என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆகவே நல்ல விலைச் சொல் என்பது வெறுமனே இனிமையாக ஒலிக்கிற சொல் அல்ல. அந்த ‘ஏன்’ என்ற கேள்விக்கான பதிலைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிற சொல்.

இந்தச் சந்தேகம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு 2008-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான ஆய்வைச் சொல்லலாம். 82 பேருக்குக் கையில் லேசான மின் அதிர்ச்சி கொடுத்து, வலி குறைக்கும் புதிய மாத்திரை என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தார்கள். உண்மையில் அதில் மருந்தே இல்லை. பாதிப் பேரிடம் மாத்திரையின் விலை இரண்டரை டாலர் என்றார்கள். மீதிப் பேரிடம் விலை 10 சென்ட்டாகக் குறைக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். முதல் குழுவில் சுமார் 85 சதவீதம் பேர் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். இரண்டாவது குழுவில் அது சுமார் 61 சதவீதம். இதில் என்னைக் கவர்ந்தது, விலை ஏன் குறைக்கப்பட்டது என்று இரண்டாவது குழுவுக்குக் காரணம் எதுவும் சொல்லப்படவில்லை என்பதுதான். காரணம் சொல்லாத விலைக் குறைப்பு, மாத்திரையின் மீதிருந்த நம்பிக்கையையே குறைத்துவிட்டது.

கண்ணுக்கு எட்டாத இடத்தில்தான் சிக்கல்

அப்படியானால் ‘மலிவு’ என்பதே கெட்ட சொல்லா என்றால், இல்லை. ‘தக்காளி இன்னைக்கு மலிவு’ என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. தக்காளியைக் கையில் எடுத்து அழுத்திப் பார்க்கலாம். வரத்து அதிகமானதால் விலை இறங்கியிருக்கிறது என்ற காரணமும் எல்லோருக்கும் தெரியும். மலிதல் என்றால் பெருகுதல் என்பதுதானே பழைய பொருள். காய்கறிச் சந்தையில் அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இணையத்தில் துணியைத் தொட்டுப் பார்க்க முடியாது. கண்ணும் கையும் செய்ய வேண்டிய வேலையை அங்கே விலை செய்கிறது. விலை அதிகம் என்றால் நல்லது, குறைவு என்றால் மட்டம் என்று மனம் குறுக்கு வழியில் முடிவெடுக்கிறது. அந்த நேரத்தில் ‘மலிவான’ என்ற பெயரடை பொருளின் மேலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. ‘மலிவான விளம்பரம்’, ‘மலிவான அரசியல்’ என்று நாம் சொல்லும்போது அங்கே விலைப் பேச்சே இல்லை, இகழ்ச்சி மட்டும்தான் இருக்கிறது. அந்த வாடை ‘மலிவான டி-ஷர்ட்’டிலும் ஏறிவிடுகிறது.

இதிலிருந்து முதல் விதி கிடைக்கிறது. குறைவைச் சொல்லும் சொல் விலையோடு சேர வேண்டும், பொருளோடு சேரக் கூடாது. ‘மலிவான சேலை’ என்பதை ‘குறைந்த விலையில் பருத்திச் சேலை’ என்று மாற்றினாலே பாதிச் சேதம் தவிர்க்கப்படும். பொருளுக்கு முன்னால் வரும் இடத்தைப் பொருளின் குணத்துக்கு விட்டுவிடுங்கள். ‘பருத்தி’, ‘கைத்தறி’, ‘கெட்டிச் சாயம்’ போன்றவை வர வேண்டிய இடம் அது.

சென்னையில் 2013-இல் அம்மா உணவகம் தொடங்கியபோது ‘மலிவு விலை உணவகம்’ என்ற பெயர் புழங்கியது. இட்லி ஒரு ரூபாய். மலிவு என்பது விலையோடு நின்றது, இட்லியை யாரும் ‘மலிவான இட்லி’ என்று சொல்லவில்லை. அந்த விலைக்குக் காரணம் அரசு மானியம் என்பதும் ஊரறிந்த விஷயம். கேள்விக்குப் பதில் ஏற்கெனவே இருந்ததால் சொல் உறுத்தவில்லை. தனியார் ஒருவர் அதே ‘மலிவு விலை’ என்பதைத் தன் பொருளுக்கு எழுதினால் அந்த மானியப் பின்னணி அவருக்குக் கிடையாது. காரணத்தை அவரேதான் சொல்லியாக வேண்டும்.

ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு காரணம்

நம் கடைத்தெருவில் புழங்கும் விலைச் சொற்களை எடுத்துப் பாருங்கள். ‘மொத்த விலை’ என்றால் நிறைய விற்பதால் குறைவு. ‘தயாரிப்பாளர் விலை’, ‘தறி விலை’ என்றால் நடுவில் ஆள் இல்லாததால் குறைவு. ‘அறிமுக விலை’ என்றால் பொருள் புதிது, ஆட்கள் பழகும்வரை குறைவு. ‘தள்ளுபடி’ என்றால் வழக்கமாக விலை அதிகம், இப்போது மட்டும் குறைவு. ‘அடக்க விலை’ என்றால் லாபம் வைக்காததால் குறைவு. இவற்றில் எதுவுமே பொருள் மட்டம் என்று சொல்லவில்லை. விலை இறங்கியதற்கான காரணத்தைப் பொருளுக்கு வெளியே காட்டுகின்றன. அதுதான் இவற்றின் வலிமை.

ஆனால் காரணத்தைச் சொல்லும் சொல் ஒரு வாக்குறுதியும்கூட. ‘அடக்க விலை’ என்று எழுதிவிட்டு அதில் லாபம் வைத்திருந்தால் அது பொய். ஆண்டு முழுக்க ‘அறிமுக விலை’ ஓடினால் வாடிக்கையாளர் சிரிப்பார். ‘தள்ளுபடி’க்கு முந்தைய விலை ஒன்று உண்மையிலேயே இருந்திருக்க வேண்டும். விற்காத ஒரு விலையை எழுதி அதன்மேல் கோடு கிழிப்பது பழைய தந்திரம், அதை இப்போது பலரும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் தவறான விளம்பரங்களைத் தடுக்க நெறிமுறைகள் வெளியிட்டது. கையில் போதுமான சரக்கு இல்லாமல் குறைந்த விலையைக் காட்டி ஆளை இழுப்பதும் அதில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. சரக்கு கொஞ்சம்தான் என்றால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

தள்ளுபடியைச் சரியாகப் பயன்படுத்துகிற இடமாகக் கோ-ஆப்டெக்ஸைச் சொல்வேன். தீபாவளியை ஒட்டி 30 சதவீதத் தள்ளுபடி என்றால் அது பண்டிகைக் காலச் சிறப்புத் தள்ளுபடி என்பது வாங்குகிறவருக்குத் தெரியும். கைத்தறிச் சேலை பழுதோ என்று யாரும் ஐயப்படுவதில்லை.

இன்னொரு வகைச் சொற்கள் வாங்குபவர் பக்கத்திலிருந்து பேசுகின்றன. ‘கட்டுப்படியாகும் விலை’, ‘கைக்கு எட்டும் விலை’, ‘பட்ஜெட் விலை’ போன்றவை. இவை ஏன் குறைவு என்று சொல்வதில்லை. உங்களால் முடியும் என்று சொல்கின்றன. பீரோ, மிக்ஸி, கட்டில் போல யோசித்து வாங்க வேண்டிய பெரிய பொருளுக்கு இவை பொருந்தும். 40 ரூபாய் சோப்புக்குக் ‘கட்டுப்படியாகும் விலை’ என்று எழுதினால் வாங்குபவரின் வசதியைக் குறைத்து மதிப்பிட்டதுபோல் ஆகிவிடும்.

‘சிக்கனம்’ என்பதை அடிக்கடி தவறான இடத்தில் பார்க்கிறேன். அது வாங்கும் நேரத்து விலையைக் குறிப்பதில்லை, பயன்படுத்தும்போது ஆகும் செலவைக் குறிக்கிறது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் மின்விசிறி சிக்கனமானது. அதன் விலை அதிகமாகக்கூட இருக்கலாம். பெரிய பாக்கெட்டைச் ‘சிக்கன பேக்’ என்று விற்றால், ஒரு கிராமுக்கான விலை சின்ன பாக்கெட்டைவிட உண்மையில் குறைந்திருக்க வேண்டும். இப்போது பாக்கெட்டிலேயே அளவுக்கான அலகு விலை அச்சிடப்படுவதால் யாரும் அரை நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம்.

‘நியாய விலை’ என்று எழுதினால் தமிழ்நாட்டு வாசகருக்கு ரேஷன் கடைதான் முதலில் நினைவுக்கு வரும். ‘நியாயமான விலை’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை. ஒரு ‘மான’ சேர்ந்ததும் கடை மாறிவிடுகிறது.

சில சொற்கள் வாங்குபவர் வாயில் மட்டும்தான் அழகு. ‘சல்லிசா கிடைச்சுது’ என்று ஒருவர் பெருமையாகச் சொல்வார், அது அவருடைய சாமர்த்தியத்தைச் சொல்லும் பேச்சு. விற்பவர் ‘சல்லிசான விலை’ என்று எழுதினால் அந்தப் பெருமையை வாங்குபவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டதுபோல் இருக்கும். ‘அடிமாட்டு விலை’ இன்னும் மோசம். வேறு வழியில்லாமல் தள்ளிவிடுகிறார்கள் என்பதுதான் அதன் பொருள். தன் சரக்கைப் பற்றித் தானே அப்படி எழுதுவது கடையை மூடப்போவதாக அறிவிப்பதற்குச் சமம்.

விலையே பெயராகிப் போன கார்

சொல் எவ்வளவு சேதம் செய்யும் என்பதற்கு நானோ காரைவிடப் பெரிய சான்று இந்தியாவில் இல்லை. 2008 ஜனவரியில் டெல்லி வாகனக் கண்காட்சியில் டாடா நிறுவனம் அதை அறிமுகப்படுத்தியது. ‘ஒரு லட்ச ரூபாய் கார்’ என்று உலகமே பேசியது. இருசக்கர வாகனத்தில் மனைவி, குழந்தைகளோடு மழையில் போகிற குடும்பத்துக்குப் பாதுகாப்பான வண்டி என்பதுதான் அதன் பின்னால் இருந்த எண்ணம். ஆனால் ‘உலகின் மிக மலிவான கார்’ என்ற பட்டம்தான் ஒட்டிக்கொண்டது. குஜராத்தின் சனந்தில் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கார்கள் செய்யும் திறனோடு ஆலை அமைந்தது. விற்பனை ஒருபோதும் அந்த அளவை நெருங்கவில்லை. பத்தாண்டுகளிலேயே உற்பத்தி நின்றுபோனது. சில கார்கள் தீப்பிடித்த செய்திகள், ஆலை இடம் மாறியதால் ஏற்பட்ட தாமதம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் மலிவான கார் என்ற பெயர் அதன்மேல் விழுந்ததும், தங்கள் நிறுவனமே அதை அப்படி விளம்பரப்படுத்தியதும் துரதிர்ஷ்டம் என்று ரத்தன் டாடாவே பின்னாளில் பொதுவெளியில் சொன்னார்.

கார் என்பது நாலு பேர் பார்க்க வாசலில் நிற்கிற பொருள். வாங்குபவரின் நிலையையும் அது சேர்த்துச் சொல்கிறது. வெளியே தெரிகிற பொருள், பரிசாகக் கொடுக்கிற பொருள் ஆகிய இரண்டிலும் விலைச் சொல்லை மிகக் குறைவாகப் பயன்படுத்த வேண்டும். எண்ணை மட்டும் போட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் பொருளின் குணத்துக்குக் கொடுப்பதே நல்லது. பாத்திரம் தேய்க்கும் நாருக்கு இந்தக் கவலை வேண்டாம்.

ஒரு டி-ஷர்ட்டை எடுத்து எழுதிப் பார்ப்போம்

திருப்பூரில் சின்ன யூனிட் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிரிண்ட் இல்லாத ரவுண்டு நெக் டி-ஷர்ட்; மூன்று சேர்ந்து 549 ரூபாய். முதலில் எழுதுகிற விவரம் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“மலிவான விலையில் சூப்பர் குவாலிட்டி டி-ஷர்ட்! விலை குறைவு, தரம் அதிகம்! நம்பி வாங்கலாம்!”

‘மலிவான’ என்பதால் எழுந்த ஐயத்தைத் தீர்க்கத்தான் ‘சூப்பர் குவாலிட்டி’ சேர்க்கப்படுகிறது. அது போதாது என்று தோன்றுவதால் ‘நம்பி வாங்கலாம்’ வருகிறது. ஆனால் மூன்றில் எதற்கும் ஆதாரம் இல்லை. ‘விலை குறைவு, தரம் அதிகம்’ என்ற வரி இன்னும் மோசமானது. தரம் குறைவாக இருக்குமோ என்று நினைக்காதவரையும் அது நினைக்க வைத்துவிடும்.

இப்போது அந்த யூனிட்காரரிடம் உட்கார்ந்து, விலை ஏன் குறைவாக இருக்கிறது என்று கேட்க வேண்டும். அவர் சொல்லும் உண்மைகள் இவையாக இருக்கலாம்: அங்கேயே தைத்து அங்கிருந்தே அனுப்புகிறார், கடைக்காரர் லாபம் இல்லை. அட்டைப்பெட்டியும் தொங்கும் லேபிளும் இல்லை. பிரிண்ட் இல்லை. துணி 160 ஜிஎஸ்எம். அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 160 கிராம் எடை. 180 ஜிஎஸ்எம் துணியில் நூல் அதிகம் செலவாகும், விலையும் ஏறும். முதல் மூன்று காரணங்களும் பொருளுக்கு வெளியே இருக்கின்றன, அவற்றைத் தயங்காமல் சொல்லலாம். நான்காவது பொருளுக்குள்ளேயே இருக்கிறது. அதை மறைத்தால் வாங்கியவர் கையில் எடுத்ததும் தெரிந்துவிடும். ஆகவே அதை ஒரு பயன்பாட்டோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

“பிரிண்ட் இல்லாத ரவுண்டு நெக் டி-ஷர்ட், 100% பருத்தி. மூன்று கொண்ட செட் ₹549. ஒன்று ₹183 ஆகிறது.

திருப்பூரில் எங்கள் யூனிட்டில் தைத்து நேராக உங்களுக்கு அனுப்புகிறோம். நடுவில் கடை இல்லை, அட்டைப்பெட்டி இல்லை. அதனால்தான் இந்த விலை.

துணி 160 ஜிஎஸ்எம். தினப்படிக்கும் வெயில் காலத்துக்கும் ஏற்ற மெல்லிய துணி. வெள்ளை நிறத்தில் லேசாக உள்ளே தெரியும். முதல் சலவையில் நீளம் சற்றுச் சுருங்கும். இரண்டு அளவுகளுக்கு நடுவில் இருப்பவர்கள் பெரிய அளவை எடுங்கள்.”

இதில் ‘மலிவு’ இல்லை, ‘சூப்பர்’ இல்லை, ‘தரம்’ என்றுகூட ஓரிடத்திலும் வரவில்லை. விலை குறைவு என்பதை ஒற்றை டி-ஷர்ட்டின் கணக்கு சொல்கிறது. காரணத்தை யூனிட் சொல்கிறது. ‘லேசாக உள்ளே தெரியும்’, ‘சற்றுச் சுருங்கும்’ என்ற இரண்டு குறைகளையும் விற்பவரே சொல்லிவிட்டதால், மற்ற வரிகளும் உண்மையாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் பிறக்கிறது. குறையை எழுதத் தயங்குகிறவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: விலை குறைந்த பொருளுக்கு ஒரு சின்னக் குறையை ஒப்புக்கொள்கிற வரி, பத்துப் புகழ்ச்சி வரிகளைவிட அதிகமாக உழைக்கும்.

‘தினப்படி’ என்ற சொல்லையும் கவனியுங்கள். ‘சாதாரண டி-ஷர்ட்’ என்றால் கீழே இறங்கிவிடும். ‘தினப்படிக்கு’ என்றால் அதற்கு ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. சாதா தோசையில் மட்டும் ‘சாதா’ உறுத்துவதில்லை, ஏனென்றால் அங்கே அது ஒரு வகையின் பெயராகவே நிலைத்துவிட்டது. துணிக்கு அந்த வசதி இல்லை.

நூலிலும் இப்படித்தான். கோம்ப்டு நூலில் குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிடுவார்கள், அதனால் துணி வழவழப்பாக இருக்கும். கார்டட் நூலில் அந்தச் சீவல் இல்லை; விலை குறையும், தொட்டால் சற்று முரடாக இருக்கும், நாளடைவில் மேலே குட்டிக் குட்டி உருண்டைகள் எழும். கார்டட் துணியை ‘பிரீமியம்’ என்று எழுதுவதைவிட, ‘பட்டறை வேலைக்கும் வீட்டு உபயோகத்துக்கும்’ என்று எழுதினால் சரியான ஆள் வந்து வாங்குவார், திருப்பியும் அனுப்ப மாட்டார்.

திருப்பூரின் காதர்பேட்டைத் துணிச் சந்தைப் பக்கம் போனால் ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’, ‘செகண்ட்ஸ்’ என்ற இரண்டு சொற்களும் காதில் விழும். இவற்றைக் கலந்து எழுதுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். சர்ப்ளஸ் என்பது ஆர்டருக்கு மேல் மிஞ்சியது. அதில் பழுது இருக்க வேண்டியதில்லை. செகண்ட்ஸ் என்பது சோதனையில் ஒதுக்கப்பட்டது. எண்ணெய்க் கறை, ஊசிக்கோடு, சாய வேறுபாடு என்று ஏதோ ஒன்று அதில் இருக்கும். செகண்ட்ஸ் துணியை ‘ஏற்றுமதி ரகம்’ என்று எழுதினால் எந்தச் சொல் திறமையும் அதை நியாயப்படுத்தாது. ‘செகண்ட்ஸ், அளவிலும் தையலிலும் பிசகு இல்லை, சிறு கறை இருக்கலாம், படத்தில் வட்டமிட்டிருக்கிறோம்’ என்று எழுதுங்கள். இங்கே பொருளே சற்றுக் குறைந்ததுதான். என்ன குறை என்று தெரிந்தபின் வாங்குபவர் தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்வார், பலருக்கு அந்தக் கணக்கு ஒத்தும் வரும்.

எழுதிய விவரம் வேலை செய்கிறதா என்று பார்க்க, வருகிற கேள்விகளைப் படித்தால் போதும். ‘சாயம் போகுமா?’, ‘ஏன் இவ்வளவு கம்மி?’, ‘ஒரிஜினல் காட்டன்தானா?’ என்று திரும்பத் திரும்பக் கேட்டால் விலை தெரிகிறது, காரணம் தெரியவில்லை என்று பொருள். ‘அதனால்தான் இந்த விலை’ என்ற பத்தியை மேலே கொண்டு வாருங்கள். கேள்வியே வராமல் விற்று, ‘துணி மெலிசா இருக்கு’ என்று திரும்பி வந்தால் நேர் எதிர்ச் சிக்கல்: சொற்கள் பொருளைவிட மேலே போய்விட்டன, ஜிஎஸ்எம் வரியை யாரும் படிக்கவில்லை அல்லது அதற்குப் பொருள் புரியவில்லை. அப்போது எண்ணை மட்டும் விட்டுவைக்காமல், ‘மெல்லிய துணி’ என்பதைத் தலைப்புக்கே கொண்டுபோய்விடுங்கள். ‘வெயில் காலத்துக்கான மெல்லிய பருத்தி டி-ஷர்ட், 3 கொண்ட செட், ₹549.’